கம்பெனி போனில் மாட்டிக்கொண்ட வாட்ஸ்அப்

சித்தி மகன் ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் இன்ஜினியர். நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போகிறான். கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தான்.

"அண்ணே, கம்பெனி போனைத் திருப்பிக் குடுக்கணும். வாட்ஸ்அப்பை எடுக்கவே முடியல. பேக்கப் போட விடமாட்டேங்குது."

"அந்தப் போன்ல ஏன்டா சொந்த வாட்ஸ்அப் வச்சிருந்த?"

"ரெண்டு போன் யாருண்ணே தூக்கிட்டு அலையுறது?"

நியாயமான பதில்தான். கம்பெனி போன் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். அவன் கவலை குரூப்புகளைப் பற்றியது அல்ல. எழுதப் படிக்க அவ்வளவாக வராத சித்தி நான்கு வருடமாகக் குரல் பதிவாகவே எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறாள்: மாத்திரை பேர், ரேஷன் கடைச் சண்டை, நிலத்துப் பட்டா விஷயம். அதெல்லாம் அந்தப் போனில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் அவன் வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தோம். பூட்டுத் திரையின் அடியிலேயே இந்தக் கருவி நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற வரி சின்ன எழுத்தில் இருந்தது. அந்த வரி இருந்தால் அது பெரும்பாலும் முழுக்க முழுக்க நிர்வாகத்தின் பிடியில் உள்ள ஆண்ட்ராய்டு போன். சொந்தப் போனில் ஆபீஸ் வேலைக்காக மட்டும் ஒரு பகுதி ஒதுக்கியிருந்தால் கதை வேறு. அங்கே ஆபீஸ் ஆப்களின் ஐகான் மேல் ஒரு சின்னப் பெட்டிச் சின்னம் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் சொந்த வாட்ஸ்அப்பில் அது இருக்காது. ஆபீஸ் பகுதியை அழித்தாலும் சொந்தப் பகுதிக்கு ஒன்றும் ஆகாது. முழு நிர்வாகப் போனில் அந்தப் பிரிவினையே கிடையாது. நிர்வாகத்திலிருந்து விடுவித்தால் போன் முழுவதும் துடைக்கப்பட்டு, கடையில் வாங்கிய நிலைக்குப் போய்விடும். வேலையை விட்டுப் போகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு இதில்தான். "ஐ.டி. ஆளிடம் சொல்லி கம்பெனி அமைப்பை எடுத்துவிட்டு, அப்புறம் நிதானமாக பேக்கப் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைக்கிறார்கள். எடுத்த பிறகு பேக்கப் போட எதுவும் மிச்சம் இருக்காது.

அடுத்து வாட்ஸ்அப்பில் Settings, Chats, Chat backup என்று உள்ளே போனோம். என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிக முக்கியமான திரை இதுதான். மேலே இரண்டு வரி இருந்தது. Local என்பதற்கு நேராக அன்று அதிகாலை 2:00 மணி. Google Drive என்பதற்கு நேராக Never.

அவன் Never-ஐ மட்டும்தான் பார்த்திருந்தான். எனக்கு மேல் வரியைப் பார்த்ததும் பாதிக் கவலை போனது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு உரையாடல்களின் ஒரு நகலைப் போனுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. அதற்கு கூகுள் கணக்கும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கம்பெனி தடுத்திருந்தது வெளியே போகும் வழியைத்தான். உள்ளே நகல் எழுதப்படுவதை அது தொடவே இல்லை.

வெளி வழி எப்படி அடைபட்டிருந்தது என்றும் பார்த்தோம். கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் தொட்டால் கம்பெனி கணக்கு ஒன்றுதான் வருகிறது. அந்தக் கணக்கில் டிரைவை வெளி ஆப்கள் தொடாதபடி நிர்வாகி மூடியிருக்கிறார். சரி, சொந்த ஜிமெயிலைச் சேர்க்கலாம் என்றால் Blocked by your IT admin என்று ஒரு பெட்டி எழும்புகிறது. போனின் பொது அமைப்புகளில் இருக்கிற பேக்கப்பும் அணைந்திருந்தது. அதை யாரும் மெனக்கெட்டு அணைத்திருக்க வேண்டியதில்லை. முழு நிர்வாகப் போன்களில் ஆண்ட்ராய்டின் பேக்கப் சேவை ஆரம்பத்திலிருந்தே அணைந்துதான் இருக்கும். நிர்வாகி விரும்பினால்தான் திறப்பார். ஆனால் ஆண்ட்ராய்டின் பேக்கப் வேறு, வாட்ஸ்அப்பின் டிரைவ் பேக்கப் வேறு. "பேக்கப்பைத் திறந்துவிடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஐ.டி. ஆள் முதலாவதைத் திறந்துவிட்டு, "செஞ்சாச்சு சார்" என்பார். வாட்ஸ்அப்பில் Never அப்படியே நிற்கும்.

கம்பெனியைத் திட்டுவதிலும் பயனில்லை. அந்த வாட்ஸ்அப்பில் உற்பத்திக் கணக்குப் படங்கள், வாடிக்கையாளர் வரைபடங்கள் எல்லாம் ஓடுகின்றன. அவை ஊழியரின் சொந்த ஜிமெயிலில் போய் உட்காருவதை எந்த நிர்வாகமும் விரும்பாது.

டிரைவ் இல்லாமல் உரையாடல்களை இடம் மாற்ற வாட்ஸ்அப்பிலேயே 2023-இல் ஒரு வசதி வந்தது. Chats பகுதியில் Transfer chats என்று இருக்கும். பழைய போனும் புதிய போனும் பக்கத்தில் இருந்தால் போதும். இரண்டும் தங்களுக்குள் நேராக வைஃபை இணைப்பு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும். நடுவில் எந்த மேகமும் கிடையாது. முதலில் முயல வேண்டியது இதுதான். நாங்களும் அதைத்தான் முயன்றோம். ஆனால் புதிய போன் க்யூஆர் கட்டத்தைக் காட்டும், பழைய போன்தான் அதைப் படம் பிடிக்க வேண்டும். தொழிற்சாலைப் போனில் கேமரா கொள்கையால் மூடியிருக்கிறது! புதிய போனின் கேமரா எவ்வளவு உசத்தியாக இருந்தும் பலனில்லை.

கேமரா மூடாத ஆபீஸ் போன்களில் இந்த வழி பெரும்பாலும் வேலை செய்யும். அங்கேயும் மாட்டினால் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று இருப்பிட அனுமதி. பக்கத்துப் போனைக் கண்டுபிடிக்க வாட்ஸ்அப் அதைக் கேட்கும், கொள்கை அதை அணைத்திருக்கலாம். இன்னொன்று, போனுக்குப் போன் நேராக இணையும் வைஃபையையே புதிய ஆண்ட்ராய்டுகளில் நிர்வாகியால் தடுக்க முடியும். க்யூஆர் படித்த பிறகு இணைப்பு ஏற்படாமலே சுற்றிக்கொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எங்களுக்கு மிச்சம் இருந்தது உள்ளே எழுதப்பட்ட நகல். கேபிளைச் செருகிப் பார்த்தோம். சார்ஜ் மட்டும் ஏறியது. கோப்பு மாற்றும் தேர்வு சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஆக அனுமதி கேட்டே தீர வேண்டும். எதைத் திறக்கச் சொல்வது என்பது மட்டும் இப்போது தெளிவாகிவிட்டது.

இடையில் யூடியூப் பார்த்துவிட்டு அவன் இரண்டு யோசனை சொன்னான். ஒன்று போனை ரூட் செய்வது. இன்னொன்று பேர் தெரியாத ஏதோ ஒரு மீட்பு மென்பொருள். நிர்வாகப் போனை ரூட் செய்யப் போனால் அதற்கு முன்பே அது துடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நிர்வாகிக்கு எச்சரிக்கை போகும். வேலையை விட்டுப் போகிற வாரத்தில் அந்த வம்பு எதற்கு?

மின்னஞ்சலை இருவரும் சேர்ந்து எழுதினோம். பேக்கப் என்ற சொல்லே அதில் இல்லை. "என் சொந்த வாட்ஸ்அப் உரையாடல்களைப் புதிய போனுக்கு மாற்ற, வரும் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் இந்தப் போனில் யுஎஸ்பி கோப்பு மாற்றத்தை அனுமதிக்கவும். அதற்கு முன் வேலை தொடர்பான குரூப்புகளையும் உரையாடல்களையும் நீக்கிவிடுகிறேன். நீங்கள் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். Android/media/com.whatsapp என்ற ஒரே கோப்புறையைத்தான் எடுப்பேன்." இவ்வளவுதான். கேட்பது என்ன, எத்தனை நேரத்துக்கு, எந்தக் கோப்புறை என்று எழுதியதால்தான் அனுமதி கிடைத்தது என்று நினைக்கிறேன். புதன்கிழமை ஐ.டி. ஆள் போனை வாங்கிப் பார்த்தார். குரூப்பிலிருந்து வெளியேறினால் மட்டும் பழைய செய்திகள் போகாது, உரையாடலையே நீக்க வேண்டும் என்று அவர்தான் சுட்டிக்காட்டினார். வெள்ளி மாலை கொள்கை மாறியது.

இதற்குள் இன்னொரு முடிச்சு இருந்தது. எண். வாட்ஸ்அப் ஓடியது கம்பெனி கொடுத்த சிம்மில். போனுக்குள் இருக்கும் நகல் பூட்டிய கோப்பு. சாவி வாட்ஸ்அப்பிடம் இருக்கிறது. எந்த எண்ணில் நகல் எடுத்தோமோ அதே எண்ணை ஓடிபி போட்டு உறுதி செய்தால்தான் கோப்பு திறக்கும். சிம்மைக் கொடுத்துவிட்டு நகலை மட்டும் கையில் வைத்திருந்தால் அது சாவி தொலைந்த பீரோதான். பள்ளி, கல்லூரி கொடுத்த எண்ணுக்கும் இதே கதி.

அதனால் நகல் எடுப்பதற்கு முன்பே, பழைய போனிலேயே, Settings-இல் Account, அதில் Change number என்று போய் அவனுடைய சொந்த எண்ணுக்கு மாற்றினோம். சொந்த சிம் புதிய போனில் இருந்தது. ஓடிபி அங்கே வந்தது, பழைய போனில் தட்டினோம். உரையாடல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, எண் மட்டும் மாறியது. அதன் பிறகு Chat backup திரையில் Back up பொத்தானை அழுத்தினோம். Local வரியில் அதிகாலை 2:00 மறைந்து 10:47 வந்தது. அந்த நேரம் மாறியதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. மாறாமல் இருந்தால் கையில் இருப்பது பழைய எண்ணில் எழுதிய நகல்.

கேபிளைக் கணினியில் செருகினோம். கோப்புறையின் முழுப் பாதை இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

உள்ளே இப்படிக் கோப்புகள் வரிசையாக இருக்கும்:

```
msgstore.db.crypt14
msgstore-2025-03-07.1.db.crypt14
msgstore-2025-03-06.1.db.crypt14
```

தேதி இல்லாதது கடைசியாக எடுத்த நகல். தேதியுள்ளவை முந்தைய நாட்களுடையவை. ஏறக்குறைய ஒரு வாரத்துக்கானவை இருக்கும். சிலருக்கு 14-க்குப் பதில் 15 இருக்கலாம். பேக்கப்புக்குத் தனிக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ போட்டிருந்தால் எண் உறுதி மட்டும் போதாது, அதையும் கேட்கும். அது மறந்துபோனால் வாட்ஸ்அப்பாலேயே திறக்க முடியாது. அவன் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை.

இந்த Databases மட்டும் போதும் என்றுதான் நிறையப் பேர் எடுத்துப் போகிறார்கள். அதில் இருப்பது எழுத்துகளும், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும்தான். படங்களும் குரலும் பக்கத்தில் Media என்ற கோப்புறையில் தனியாகக் கிடக்கின்றன. அதை விட்டுவிட்டால் புதிய போனில் உரையாடல் வரும், படங்கள் மங்கலாக நிற்கும், தொட்டால் கோப்பு இல்லை என்று சொல்லும். சித்தியின் குரல் இருந்த இடம் WhatsApp Voice Notes. அதற்குள் வருடத்தையும் வார எண்ணையும் சேர்த்துப் பெயரிட்ட குட்டிக் கோப்புறைகள், ஒவ்வொன்றிலும் PTT என்று தொடங்கும் பதிவுகள், முடிவில் .opus. இவை பூட்டப்பட்டவை அல்ல. கணினியில் ஒன்றைச் சும்மா சொடுக்கினோம். "கண்ணா, சக்கரை மாத்திரை ரெண்டு அட்டைதான் இருக்கு" என்றாள் சித்தி, 2022-இல் இருந்து. மற்றதெல்லாம் தவறிப்போனாலும் இந்தக் கோப்புறை கையில் இருக்கட்டும் என்று அதைத் தனியாக ஒரு பென் டிரைவிலும் போட்டேன்.

மொத்தம் 11 ஜிபி. உரையாடல் கோப்பு அதில் ஒரு ஜிபி கூட இல்லை. வீடியோக்கள்தான் பாதிக்கு மேல். காலை வணக்கம் வீடியோக்களைப் புதிய போனுக்கும் சுமந்து போக வேண்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு வீடியோ கோப்புறையை விட்டுவிட்டான்.

புதிய போனில் வரிசைதான் முக்கியம். வாட்ஸ்அப்பை நிறுவலாம், ஆனால் திறக்கக் கூடாது. அதே பாதையில் கோப்புறைகளை உருவாக்கி, கணினியிலிருந்து எல்லாவற்றையும் போட வேண்டும். அதற்குப் பிறகு திறந்து, எண்ணை உறுதி செய்து, கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டும். கூகுள் கணக்கு கேட்கும் இடத்தைத் தாண்டினால், போனிலேயே நகல் இருப்பதைக் கண்டுபிடித்து Restore பொத்தானைக் காட்டும். அது ஒரு முறைதான் கேட்கும். தவறிப் போய் Skip அழுத்திவிட்டால், ஆப்பை நீக்கித் திரும்ப நிறுவித்தான் வர வேண்டும்.

அவன் அவசரத்தில் என்ன செய்திருந்தான் தெரியுமா? நான் டீ குடித்து வருவதற்குள், முந்தின வாரமே நிறுவி வைத்திருந்த ஆப்பைத் திறந்து எண்ணைப் போட்டு உள்ளே போய்விட்டான். வெற்றுத் திரை. முகம் வெளுத்துவிட்டது. இந்த நிலையில் அப்படியே தூங்கப் போனால்தான் ஆபத்து. அதிகாலை இரண்டு மணிக்கு வாட்ஸ்அப் அந்த வெறுமையை ஒரு நகலாக எழுதும், அதுவும் அதே `msgstore.db` பெயரில். நல்லவேளை, கணினியில் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஆப்பை நீக்கினோம், கோப்புறையைப் புதிதாகப் போட்டோம், திரும்ப நிறுவினோம். ஓடிபியை அடுத்தடுத்துக் கேட்டதால் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னது. காத்திருந்தோம். இந்த முறை Restore வந்தது.

புதிய வெற்று நகல் பழையதன் மேல் எழுதிவிட்டிருந்தாலும் ஒரு வழி உண்டு. தேதியுள்ள முந்தைய நகல்களில் ஒன்றை எடுத்து, பெயரிலுள்ள தேதியையும் `.1`-ஐயும் நீக்கி `msgstore.db.crypt14` என்று மாற்றிப் போட வேண்டும். கடைசி எண்ணை மட்டும் மாற்றக் கூடாது. 14 என்றால் 14, 15 என்றால் 15. அந்தத் தேதிக்குப் பிறகு வந்த செய்திகள் போய்விடும். எங்கள் விஷயத்தில் இதுவும் கைகொடுத்திருக்காது, ஏனென்றால் அந்த முந்தைய நகல்கள் கம்பெனி எண்ணில் எழுதப்பட்டவை.

கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருப்பவர்கள் அதில் எல்லாம் தெரிகிறதே, அங்கிருந்து எடுக்கலாமே என்பார்கள். முடியாது. இணைத்த கணினியிலிருந்து புதிய முதன்மைப் போனுக்கு உரையாடல் திரும்பி ஓடாது. ஒரு உரையாடலை மட்டும் Export chat மூலம் எழுத்துக் கோப்பாக வெளியே அனுப்பலாம். படங்களுடன் என்றால் கடைசி 10,000 செய்திகள், இல்லாமல் என்றால் 40,000. படித்துக்கொள்ளலாம், வழக்குக்கோ கணக்குக்கோ வைத்துக்கொள்ளலாம். அதைத் திரும்ப வாட்ஸ்அப்புக்குள் ஏற்ற முடியாது. வேறு எந்தக் கதவும் திறக்காத இடத்தில், மின்னஞ்சல் வழியாவது இது போகும்.

கம்பெனி கொடுத்தது ஐபோன் என்றால் உள்ளே இப்படி எடுத்துக்கொள்ளக் கூடிய கோப்புறை கிடையாது. அங்கே வாட்ஸ்அப் நகல் ஐகிளவுட் டிரைவில் போய் உட்காருகிறது. போனின் ஐகிளவுட் பேக்கப்பை நிர்வாகி தடுப்பது ஒரு கட்டுப்பாடு, ஐகிளவுட் டிரைவைத் தடுப்பது வேறொரு கட்டுப்பாடு. முதலாவது மட்டும் மூடியிருந்தால் வாட்ஸ்அப் நகல் போகக்கூடும், முயன்று பார்க்கலாம். இரண்டும் மூடியிருந்தால் போனுக்குப் போன் மாற்றுவதுதான் வழி. வாட்ஸ்அப்பை நிர்வாகமே தள்ளி நிறுவியிருந்தால், நிர்வாக அமைப்பை நீக்கும்போது அந்த ஆப்பும் அதன் தரவும் சேர்ந்தே போகலாம்.

பள்ளி ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக. போன் அவர்களுடையதுதான், ஆனால் பள்ளி கொடுத்த கூகுள் கணக்கு போனில் இருக்க, பேக்கப் அந்தக் கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கும். நான்கு வருடம் எந்தத் தடையும் தெரியாது. பள்ளி மாறியதும் கணக்கை மூடுவார்கள், நகலும் அதோடு போகும். டிரைவுக்குள் இருக்கும் வாட்ஸ்அப் நகலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் வழியில்லை. Chat backup திரையில் கூகுள் கணக்கு என்ற வரியில் பள்ளியின் முகவரி இருந்தால், இன்றைக்கே அதைத் தொட்டு சொந்த ஜிமெயிலுக்கு மாற்றி, ஒரு முழு நகல் ஓடவிடுங்கள்.

சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு அவன் புதிய போனில் எல்லாம் வந்துவிட்டது. சித்தியின் உரையாடலை மேலே மேலே தள்ளிப் போய் 2021 வரை பார்த்தான். வீடியோ இருந்த இடங்கள் மட்டும் மங்கலான சதுரங்களாக நின்றன. அதில் ஒன்று அவன் அக்கா மகள் நடக்க ஆரம்பித்த வீடியோ. காலை வணக்கங்களோடு அதையும் விட்டுவிட்டிருக்கிறோம். பழைய போன் மேசை மேல்தான் இருந்தது, கேபிள் அனுமதி நள்ளிரவு வரை உண்டு. மறுபடியும் கணினியைத் திறந்தோம்.